வீட்டுப் பழுதுகளுக்கு நான்கு கருவிகள்

புதிய வீட்டில் குடியேறியவுடன் நம்மில் பலர் வாங்கும் பொருள்களுள் ஒன்று கருவிப் பெட்டி. நாற்பது, ஐம்பது துண்டுகள் அடங்கிய பெட்டி, பளபளப்பான பிளாஸ்டிக் உறையுடன், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. ஓராண்டு கழித்து அதைத் திறந்து பார்த்தால் மூன்று அல்லது நான்கு கருவிகளில் மட்டுமே கைபட்ட அடையாளம் இருக்கும். அவற்றுள்ளும் ஒன்றின் முனை மழுங்கியிருக்கும், மற்றொன்றின் பிடி கழன்றிருக்கும். எஞ்சியவை வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே தொகைக்கு மேல் இன்னும் சில நூறு ரூபாய் சேர்த்து, அந்த நான்கு கருவிகளை மட்டும் நல்ல தரத்தில் தனித்தனியே வாங்கினால், அவை பல்லாண்டு உழைக்கும்.

எந்த நான்கு என்பதை வீட்டில் ஏற்படும் பழுதுகளே சொல்லிவிடுகின்றன. ஓராண்டில் வீட்டில் பழுதாகும் பொருள்களை நினைவுகூர்ந்தால் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கும். முதலாவது, திருகாணி தளர்வது: அலமாரிக் கதவு, தாழ்ப்பாள், வாணலியின் கைப்பிடி போன்றவை. இரண்டாவது, நீர் கசிவது: குழாய், கை கழுவும் தொட்டியின் இணைப்பு, துணி துவைக்கும் இயந்திரத்தின் நீர்க்குழாய் போன்றவை. மூன்றாவது, எதையேனும் இறுகப் பிடிக்கவோ, இழுக்கவோ, வெட்டவோ நேர்வது. நான்காவது, மின்சாரம் வரவில்லை அல்லது வரக் கூடாத இடத்தில் வருகிறது என்ற ஐயம். இந்த நான்கிற்கும் முறையே திருப்புளி, அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், குறடு, டெஸ்டர் ஆகியவை போதும்.

இப்பட்டியலில் சுத்தியல் இல்லாதது வியப்பளிக்கலாம். நம் ஊர் வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் கொண்டவை. சுத்தியலால் ஆணி அடித்தால் பூச்சு உதிர்கிறது, ஆணியும் நெடுநாள் நிற்பதில்லை. அத்தகைய சுவரில் எதையேனும் மாட்டுவதற்குத் துளையிடும் இயந்திரமும் பிளாஸ்டிக் செருகியும் தேவை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் நேரும் அவ்வேலைக்கு ஆளை அழைப்பதே சிக்கனம். சுத்தியலையும் அளவு நாடாவையும் தேவை வரும்போது பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

திருப்புளி

ஸ்க்ரூ டிரைவர் என்று நாம் அழைக்கும் திருப்புளியில் இரண்டு வாங்க வேண்டும்: ஒன்று தட்டை முனை, மற்றொன்று நட்சத்திர முனை. நட்சத்திர முனையில் எண்கள் உண்டு. கதவுக் கீல், அலமாரி, குழாயின் கைப்பிடி ஆகியவற்றில் நாம் காணும் திருகாணிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2 என்ற எண்ணுடைய முனை பொருந்தும். தட்டை முனையின் அகலம் 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும்.

கடைக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள திருகாணி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. திருகாணியின் தலையில் முனையைப் பொருத்தி, இலேசாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பொருத்தம் சரியாக இருந்தால் ஆட்டம் இராது. சிறிய முனையைப் பெரிய திருகாணியில் பயன்படுத்துவதே பல பழுதுகள் பெரிதாவதற்குக் காரணம். முனை குழியிலிருந்து வழுக்கி வெளியேறும் ஒவ்வொரு முறையும் திருகாணியின் தலை சிறிது தேய்கிறது. நுண்ணிய உலோகப் பொடி தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று சுற்றுகளில் குழி வட்டமாகிவிடும். அதன் பிறகு எந்தத் திருப்புளியாலும் அதைக் கழற்ற இயலாது.

இறுக்கமான திருகாணியைக் கழற்றுகையில், சுழற்றும் விசையைவிட உள்நோக்கி அழுத்தும் விசை மிகுதியாக இருக்க வேண்டும். ஆகவே கைப்பிடி உள்ளங்கையை நிறைக்கும் அளவு தடிமனாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கைப்பிடியில் இருபுறமும் முனை கொண்ட தண்டைத் திருப்பிச் செருகும் வகை எளிய வேலைகளுக்கு ஏற்றது. ஆனால் கடினமாக அழுத்தும்போது தண்டு கைப்பிடிக்குள் சுழலாமல் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்

நட்டின் அளவுக்கேற்ப வாயைச் சுருக்கவும் விரிக்கவும் கூடிய ஸ்பேனர் இது. வீட்டு நீரிணைப்புகள் பெரும்பாலும் அரை அங்குல அளவில் அமைந்தவை. அவற்றின் நட்டுகளுக்கு 8 அங்குல ஸ்பேனர் சற்றேறக்குறையப் போதும். அதன் வாய் சுமார் 25 மில்லிமீட்டர் வரை திறக்கும். 10 அங்குல ஸ்பேனரின் வாய் சுமார் 30 மில்லிமீட்டர் வரை திறக்கும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 10 அங்குலம் வாங்கலாம்.

இதில் தரத்தை அறிவதற்கு ஒரு எளிய வழி உண்டு. வாயைப் பாதி திறந்து வைத்து, அசையும் தாடையை விரலால் ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு அசைவு எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் தாடை கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அத்தகைய ஸ்பேனர் நட்டின் பக்கங்களைச் சரியாகப் பற்றாது, மூலைகளை மட்டுமே பற்றும். மூலைகள் மழுங்கிய நட்டைக் கழற்றுவது தேர்ந்த பிளம்பருக்கும் கடினம்.

பயன்படுத்தும்போது வாயை நட்டின் மீது வைத்த பிறகு இறுக்க வேண்டும். அசையும் தாடை எந்தப் பக்கம் உள்ளதோ அந்தப் பக்கம் நோக்கிச் சுழற்ற வேண்டும். அப்போதுதான் பளு உறுதியான நிலைத்தாடையின் மீது விழும். திசை மாற வேண்டுமெனில் ஸ்பேனரையே திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

குறடு

கடைகளில் ‘கட்டிங் பிளேயர்’ என்று கேட்டால் கிடைப்பது இதுவே. 8 அங்குலம் பொருத்தமான அளவு. மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி ஊடுருவக் கூடாது. ஒரு மெல்லிய தாளை வைத்து வெட்டினால் அது கிழியாமல் நேராக வெட்டுப்பட வேண்டும்.

கைப்பிடியின் மேலுறை குறித்து ஒரு செய்தியை அறிந்திருப்பது அவசியம். வண்ணப் பிளாஸ்டிக் பூசிய எல்லாக் கைப்பிடிகளும் மின்சாரத்திலிருந்து காப்பவை அல்ல. மெல்லிய பூச்சு கை வழுக்காமல் இருப்பதற்காக மட்டுமே. மின்காப்புக்கென உருவாக்கப்பட்டவற்றில் உறை தடிமனாக இருக்கும். 1000 வோல்ட் என்ற குறியும் அதன் மீது பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறி உள்ளதை வாங்கினாலும் மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை செய்ய வேண்டும். நட்டுகளைக் குறடால் திருகுவதையும் தவிர்க்க வேண்டும். அதன் பற்கள் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும்.

டெஸ்டர்

மிகக் குறைந்த விலையுள்ள இந்தக் கருவியே மிகுந்த கவனத்தோடு பயன்படுத்தப்பட வேண்டியது. முனை மின்சாரமுள்ள இடத்தைத் தொடும்போது, பிடிக்குள் இருக்கும் மின்தடையின் வழியாகவும் நம் உடலின் வழியாகவும் உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டம் செல்கிறது. அதனால் உள்ளிருக்கும் நியான் விளக்கு ஒளிர்கிறது. பின்புற உலோக மூடியை விரல் தொட்டுக்கொண்டிருந்தால்தான் விளக்கு எரியும்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: விளக்கு எரிந்தால் மின்சாரம் உண்டு, எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டெஸ்டரே பழுதாகியிருக்கலாம், வெயில் வெளிச்சத்தில் மங்கிய ஒளி கண்ணுக்குப் படாமல் போகலாம். எனவே மின்பணியாளர்கள் மூன்று முறை சோதிக்கும் வழக்கத்தைக் கைக்கொள்கின்றனர். மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில், சோதிக்க வேண்டிய இடத்தில் அடுத்து, மறுபடியும் முதலில் சோதித்த இடத்தில் இறுதியாக. முதலும் மூன்றும் ஒளிர்ந்து, நடுவில் மட்டும் ஒளிராதிருந்தால்தான் அந்த முடிவை நம்பலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மெயின் சுவிட்சை நிறுத்தியதும் அது மின்தடை என்று கருதி இன்வெர்ட்டர் தானே இயங்கத் தொடங்கும். சில மின்தடங்களில் அதன் பின்னரும் மின்சாரம் இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரையும் தனியே நிறுத்த வேண்டும்.

டெஸ்டர் வாங்கும்போது முனை மட்டும் வெளியே தெரிய, தண்டு முழுவதும் பிளாஸ்டிக் உறையால் மூடப்பட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைத் திருப்புளியாகப் பயன்படுத்தக் கூடாது. பிடியில் விழும் சிறு விரிசலும் ஆபத்தானது.

சொட்டும் குழாய்: ஒரு பழுது, படிப்படியாக

சமையலறைக் குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறது என்று கொள்வோம். முதலில் இழப்பைக் கணக்கிடலாம். 200 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளரைக் குழாயின் கீழ் வைத்து நேரம் பாருங்கள். அது 15 நிமிடத்தில் நிரம்புமானால் ஒரு மணிக்கு 800 மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு 19 லிட்டருக்குச் சற்று மேல், ஒரு மாதத்தில் 576 லிட்டர் வீணாகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்புகளில் இது நேரடியான செலவு.

அடுத்து, நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாயின் வாயிலிருந்து சொட்டினால் உள்ளே அடைக்கும் பகுதி தேய்ந்துள்ளது. கைப்பிடியின் அடியிலிருந்து கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்துள்ளது. சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மரையில் சுற்றிய டெஃப்லான் நாடா பயனிழந்திருக்கலாம், அல்லது சுவருக்குள் குழாயே பழுதாகியிருக்கலாம். முதல் இரண்டையும் நாமே சரிசெய்யலாம். மூன்றாவதைப் பிளம்பரிடம் விட்டுவிடுவது நல்லது.

வாயிலிருந்து சொட்டும் குழாயை எடுத்துக்கொள்வோம். அது இரு வகையாக இருக்கலாம். பல சுற்றுகள் திருகித் திறக்கும் பழைய வகையில் தண்டின் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றில் திறக்கும் புதிய வகையில் பீங்கான் தகடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். கழற்றும் முறை இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் நீரை நிறுத்த வேண்டும். குழாய்க்குக் கீழே கோண வால்வு இருந்தால் அதை மூடலாம். சுவரிலிருந்து நேராக வரும் குழாய்களுக்குப் பெரும்பாலும் அது இராது. அப்போது அந்த அறைக்கான வால்வையோ, மாடியில் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வையோ மூட வேண்டும். பிறகு குழாயைத் திறந்து, நீர் முழுவதும் வடிந்து நிற்கிறதா என்று பாருங்கள். வடிவது நிற்கவில்லையெனில் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். அந்நிலையில் மேலே தொடரக் கூடாது.

தொட்டியின் வடிகால் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். கைதவறும் திருகாணி அதற்குள் விழாமல் இருக்கும். கைப்பிடியின் மேலுள்ள சிறிய வண்ண மூடியைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி எடுத்தால் உள்ளே திருகாணி தெரியும். நட்சத்திரத் திருப்புளியால் அதைக் கழற்றிக் கைப்பிடியை நேராக மேல்நோக்கி இழுங்கள். உப்பு நீர் உள்ள ஊர்களில் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருக்கும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்தால் உப்புப் படிவு இளகும். தட்டிக் கழற்ற முயன்றால் உள்ளிருக்கும் தண்டு வளையக்கூடும்.

இப்போது அறுகோண நட்டு தெரியும். பளபளப்பு கெடாதிருக்க அதன் மீது ஒரு மெல்லிய துணியைச் சுற்றி, ஸ்பேனரைப் பொருத்துங்கள். இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான கட்டம் இதுவே. ஒரு கையால் ஸ்பேனரை இடஞ்சுழியாகத் திருப்பும்போது, மற்றொரு கையால் குழாயின் உடலை அசையாமல் இறுகப் பிடித்திருக்க வேண்டும். நட்டோடு சேர்ந்து குழாயே சுழன்றால் சுவருக்குள் இருக்கும் இணைப்பு முறியலாம். அப்படி முறிந்தால் ஓட்டை உடைத்து, சுவரைக் கொத்தி, குழாயை மாற்றி, மீண்டும் ஓடு பதிக்க வேண்டியதாகும். குழாய் சிறிதளவு அசைவது தெரிந்தாலும், அல்லது இயல்பான கைவிசைக்கு நட்டு இளகவில்லையெனினும், அங்கேயே நிறுத்திவிட்டுப் பிளம்பரை அழையுங்கள்.

நட்டு கழன்றதும் உட்பகுதி கையோடு வெளிவரும். அதை அப்படியே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கார்ட்ரிட்ஜ்களின் நீளமும் தண்டின் பற்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பெயர் சொல்லி வாங்குவதைவிட, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பானது. வாஷர் வகையில் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அதற்கு முன் குழாயின் உள்ளே வாஷர் அமரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அது வழவழப்பாக இருக்க வேண்டும். குழிகள் தென்பட்டால் புதிய வாஷரும் சில வாரங்களில் சொட்டத் தொடங்கும். அப்போது குழாயையே மாற்ற வேண்டியிருக்கும்.

உட்புறத்தில் மணலோ உப்புத் துகளோ இருந்தால் துடைத்தெடுத்துவிட்டுப் புதிய பகுதியைப் பொருத்துங்கள். முதலில் விரலால் இயன்றவரை இறுக்கி, பின்னர் ஸ்பேனரால் ஏறத்தாழக் கால் சுற்று மட்டும் திருப்பினால் போதும். அப்போதும் குழாயின் உடலைப் பிடித்திருக்க வேண்டும். கூடுதலாக இறுக்குவதால் கசிவு குறையாது. ரப்பர் நசுங்குவதுதான் மிச்சம். இறுதியாக வால்வை மெதுவாகத் திறந்து, நட்டைச் சுற்றி உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் காகிதம் நனையவில்லையெனில் வேலை முடிந்தது.

தளர்ந்த கீல்

அலமாரிக் கதவு தொங்குவது மற்றொரு பொதுவான பழுது. திருகாணியை எத்தனை முறை திருகினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மரத்திலுள்ள துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். மேலும் திருகினால் துளை இன்னும் பெரிதாகும். திருகாணியைக் கழற்றிவிட்டு, மருந்து முனை நீக்கிய தீக்குச்சிகள் இரண்டு அல்லது மூன்றை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, வெளியே நீட்டும் பகுதியைக் குறடால் வெட்டிவிடுங்கள். ஓரிரவு உலரவிட்டு, மறுநாள் அதே திருகாணியைத் திருகினால் இறுகப் பிடிக்கும். பலகை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தாலோ, தூளாக உதிர்ந்தாலோ இந்த முறை பயன்படாது. கீலைச் சற்று மேலோ கீழோ நகர்த்தி, நல்ல பகுதியில் பொருத்தச் சொல்ல வேண்டும்.

எங்கே நிறுத்துவது

மின்சாரத்தைப் பொறுத்தவரை, டெஸ்டரை நாம் பெரும்பாலும் எதைத் தொடக் கூடாது என்று அறிவதற்கே பயன்படுத்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கீசர் ஆகியவற்றின் உலோக உடலைத் தொடும்போது டெஸ்டர் ஒளிர்ந்தால், மின்கசிவு இருக்கலாம் அல்லது எர்த் இணைப்பு அற்றுப்போயிருக்கலாம். இரண்டில் எது என்பதை டெஸ்டர் சொல்லாது. எதுவாயினும் அந்தக் கருவியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். மின்பலகையில் உள்ள எம்.சி.பி. மீண்டும் மீண்டும் விழுவது, சுவிட்சில் கருகிய நாற்றம், பிளக் சூடாவது ஆகியவற்றுக்கும் இதுவே வழி. எரிவாயு இணைப்பில் எந்தக் கருவியையும் வைக்கக் கூடாது.

செலவும் பெட்டியும்

இந்த நான்கு கருவிகளையும் நல்ல தரத்தில் வாங்கச் சுமார் 1,500 ரூபாய் ஆகலாம். அதனுடன் டெஃப்லான் நாடா ஒன்று, மின்காப்பு நாடா ஒன்று, அரை அங்குல வாஷர்கள் சில, மரப்பசைச் சிறு புட்டி ஒன்று ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க இயலாவிடில், முதலில் திருப்புளிகளும் டெஸ்டரும், அடுத்த மாதம் ஸ்பேனரும் குறடும் என்று பிரித்து வாங்கலாம். இவற்றை வைக்கப் பழைய பிஸ்கட் டப்பாவே போதும். குளியலறை அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தில் துருப்பிடிக்கும்.

டப்பாவின் மூடிக்குள் ஒரு காகிதத்தை ஒட்டி வையுங்கள். வீட்டின் எந்த வால்வு எந்த அறைக்கான நீரை நிறுத்துகிறது, மின்பலகையில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கானது, இன்வெர்ட்டரை எங்கே நிறுத்துவது, எந்தக் குழாய்க்கு எப்போது கார்ட்ரிட்ஜ் மாற்றப்பட்டது ஆகியவற்றை அதில் எழுதுங்கள். குழாய் உடைந்து நீர் பீறிடும் இரவில், வீட்டில் யார் இருந்தாலும் முதலில் படிக்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.